ஏசிக்காக C16 எம்சிபியை 32 ஆக்கலாமா?

"வீட்டு டிபி பெட்டியின் இரண்டு படங்கள் போட்டிருக்கிறேன். ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஒரே எம்சிபியில்தான் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஓடினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது விழுந்துவிடுகிறது. ஏசி 1.5 டன், ஹீட்டர் 3000 வாட். 'மெயினே 40 ஆம்பியர், இதை எடுத்துவிட்டு 32 போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் எலக்ட்ரீஷியன். படத்தில் இருப்பது என்ன எம்சிபி, என்ன ஒயர்? 32 போடலாமா?"

32 போட வேண்டாம். அந்த எம்சிபி பழுதாகி விழுவதாகத் தெரியவில்லை. விழ வேண்டிய நேரத்தில்தான் விழுகிறது. அதோடு, இரண்டாவது படத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எம்சிபியின் கீழ் முனையில் ஒரு ஒயர் அல்ல, இரண்டு ஒயர்கள் சேர்த்து முடுக்கப்பட்டிருக்கின்றன. நான் நினைப்பது சரியாக இருந்தால் சுவரை உடைக்காமலே உங்கள் பிரச்சினை தீரும். ஆனால் அதைப் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் எம்சிபி. அதன் முகப்பில் C16 என்று தெளிவாக இருக்கிறது. 16 என்பது அது தொடர்ந்து தாங்கும் ஆம்பியர். அதற்குக் கீழே சிறிய கட்டத்துக்குள் 6000 என்று இருக்கிறதே, பலர் அதை வாட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாட் இல்லை. ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது 6000 ஆம்பியர் வரை பாய்ந்தாலும் வெடிக்காமல் துண்டித்துவிடும் என்பதற்கான எண் அது. உங்கள் சுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 16 என்ற எண்ணும் முன்னால் உள்ள C என்ற எழுத்தும்தான் நமக்கு வேண்டும். இவை இரண்டும் படத்திலேயே சந்தேகமில்லாமல் தெரிகின்றன.

16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16-ஐத் தாண்டிய நொடியில் விழுந்துவிடும் என்று பொருள் இல்லை. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை இருக்கிறது. மின்சாரம் பாயப் பாய அது சூடாகி வளையும். போதுமான அளவு வளைந்ததும் பூட்டைத் தட்டிவிடும். வீட்டு உபயோக எம்சிபிகளுக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60898-1 இதற்கு இரண்டு எல்லைகளை வகுத்திருக்கிறது. குறித்த அளவைப் போல 1.13 மடங்கு வரை பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது. 1.45 மடங்கு பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். உங்கள் 16-க்கு இவை ஏறத்தாழ 18 ஆம்பியரும் 23 ஆம்பியரும். இடைப்பட்ட அளவில் எப்போது விழும் என்பது அந்தந்தத் துண்டைப் பொறுத்தது, பெட்டிக்குள் இருக்கும் சூட்டைப் பொறுத்தது.

இப்போது உங்கள் சுமையைக் கணக்குப் போடுவோம். ஹீட்டர் 3000 வாட், மின்னழுத்தம் 230 வோல்ட் என்றால் 13 ஆம்பியர். இதில் குழப்பமே இல்லை. ஏசியின் 1.5 டன் என்பது அது அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, மின்சாரச் செலவு அல்ல. டன்னை வாட்டாக மாற்றினால் 5 கிலோவாட்டுக்கு மேல் வரும். அதைப் பார்த்துப் பயந்து பெரிய எம்சிபி வாங்குபவர்கள் உண்டு. உண்மையில் 1.5 டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது எடுப்பது பெரும்பாலும் 1500 முதல் 1900 வாட். 8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சரியான எண் வெளிப்பெட்டியின் பெயர்த்தகட்டில் இருக்கும். இன்வெர்ட்டர் வகையாக இருந்தால் அங்கே இரண்டு எண்கள் இருக்கலாம். சாதாரணமாக எடுப்பதை விட்டுவிட்டு, அதிகபட்சமாக எடுப்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆக, இரண்டும் சேர்ந்து 21 ஆம்பியர். 18-க்கும் 23-க்கும் நடுவில், சரியாக அந்தச் சாம்பல் நிறப் பகுதிக்குள் போய் விழுகிறது. கால் மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு எம்சிபி விழுவது இதனால்தான். அந்த 1.13, 1.45 கணக்கெல்லாம் 30 டிகிரி வெப்பத்தில் வைத்துச் சோதிப்பவை. மூடிய பெட்டிக்குள், இரு பக்கமும் சூடான எம்சிபிகள் நெருக்கிக்கொண்டிருக்க, அங்கே 40, 45 டிகிரி எளிதாக வந்துவிடும். பட்டை ஏற்கெனவே பாதி சூடாக இருப்பதால் இன்னும் சீக்கிரம் வளையும். வெயில் நாட்களில் மட்டும் இந்தத் தொல்லை கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு நேரம் கழித்து விழுகிறது என்பது படத்தைவிட அதிகம் சொல்லும். ஸ்விட்சைப் போட்ட கணமே விழுந்தால் அது வேறு நோய்: ஷார்ட், அல்லது மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் பெரிய மின்னோட்டம். அதைக் கவனிப்பது எம்சிபிக்குள் இருக்கும் காந்தச் சுருள். C என்ற எழுத்து அதற்குத்தான். C வகை, குறித்த அளவைப் போல 5 மடங்குக்கும் 10 மடங்குக்கும் இடையில் உடனே விழும். B வகை 3-க்கும் 5-க்கும் இடையில். D வகை 10-க்கும் 20-க்கும் இடையில். உங்களுடையது நிமிடக் கணக்கில் விழுவதால் எழுத்துக்கும் உங்கள் தொல்லைக்கும் தொடர்பில்லை. D16 போடச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கேட்காதீர்கள். அது அதே பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் விழும்.

அடுத்து, அந்த '40 ஆம்பியர் மெயின்'. முதல் படத்தில் இடது ஓரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். 40A என்ற எண்ணுக்கு முன்னால் B, C, D என்று எந்த எழுத்தும் இல்லை. ஓரமாக ஒரு சிறிய பட்டன், அதன்மேல் T என்ற எழுத்து. அதற்குக் கீழே IΔn 0.03A. இந்த மூன்றும் சேர்ந்தால் அது எம்சிபி அல்ல, ஆர்சிசிபி. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வழியில் எங்காவது, அதாவது ஒரு மனிதர் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ, கசிந்தால் துண்டிக்கும். ஓவர்லோடு அதன் கண்ணுக்கே தெரியாது. அதன் வழியாக 60 ஆம்பியர் போய் 60-ம் அப்படியே திரும்பி வந்தால், அது பேசாமல் நின்று சூடாகிக்கொண்டிருக்கும். 40 என்பது அது தாங்கும் அளவு, காக்கும் அளவு அல்ல.

எம்சிபி போலவே தோற்றம் கொண்ட இன்னொன்றும் உண்டு, ஐசோலேட்டர். அதே அகலம், அதே நெம்புகோல். ஆனால் அது கையால் அணைக்கும் வெறும் ஸ்விட்ச். எண்ணுக்கு முன்னால் எழுத்து இருக்காது. AC-22A என்பது போல ஒரு குறி இருக்கும், அவ்வளவுதான் அடையாளம். ஆர்சிபிஓ என்ற மூன்றாவது வகையில் பட்டனும் IΔn-ம் இருக்கும், C16 போன்ற குறியும் இருக்கும். அது ஒன்றுதான் இரண்டு வேலையையும் செய்வது. உங்கள் பெட்டியில் அது இல்லை. எனவே 'மெயினே 40' என்ற வாதம் நிற்காது. அந்தச் சுற்றில் ஒயர் அளவுக்கு மீறிச் சூடாகாமல் காப்பதற்கு உங்கள் பெட்டிக்குள் இருப்பது அந்த C16 ஒன்றுதான்.

சரி, ஒயருக்கு வருவோம். எம்சிபியின் எண்ணைத் தீர்மானிப்பது சாதனம் அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஒயர். சாதனம் எடுக்கும் ஆம்பியரைவிட எம்சிபியின் எண் குறையக் கூடாது. ஒயர் தாங்கும் ஆம்பியரைவிட எம்சிபியின் எண் கூடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எம்சிபி உட்கார வேண்டும். நடுவில் இடமே இல்லாவிட்டால் மாற்ற வேண்டியது ஒயரை, அல்லது சுமையைப் பிரிக்க வேண்டும்.

சுவரில் பைப்புக்குள் போகும் பிவிசி உறையிட்ட செம்பு ஒயர், 30 டிகிரியில், 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 17.5 ஆம்பியரும், 2.5 என்றால் 24-ம், 4 என்றால் 32-ம் தாங்கும். ஐஇசி அட்டவணையில் வீட்டு ஒயரிங்குக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை. சுற்றுப்புறம் 40 டிகிரி ஆனால் 0.87-ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் இன்னொரு சுற்றின் ஒயர்களும் சுமையோடு ஓடினால் மேலும் 0.8-ஆல். இப்படிப் பார்த்தால் 2.5 ஒயரின் 24 முதலில் 21 ஆகி, பிறகு 17-க்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்கிறது. 2.5 ஒயருக்கு 16 எம்சிபி போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். ஆளாளுக்குச் சொல்லும் குத்துமதிப்புக் கணக்கு அல்ல அது.

அதே 2.5 ஒயருக்கு 32 எம்சிபி போட்டால் என்ன ஆகும்? 32-ஐ 1.13-ஆல் பெருக்குங்கள், 36 ஆம்பியர். அந்த அளவு வரை எம்சிபி அசையாமல் இருக்க உரிமை உண்டு. பிவிசி உறை தாங்கும் வெப்பம் 70 டிகிரி. 40 டிகிரி சூழலில் 21 ஆம்பியர் பாயும்போது ஒயர் 30 டிகிரி ஏறி அந்த 70-ஐத் தொடுகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 21 என்பது 36 ஆனால் வெப்ப ஏற்றம் ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது 90 டிகிரி. ஒயர் 130 டிகிரியில் நிற்கும், எம்சிபி ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். உறை அன்றைக்கே எரிந்துவிடாது. மெல்ல இறுகி, நொறுங்கி, என்றைக்கோ ஒரு நாள் பைப்புக்குள் செம்பும் செம்பும் தொட்டுக்கொள்ளும். உங்கள் இன்றைய சுமை 21தானே என்று கேட்கலாம். அதுவே எல்லையில் நிற்கிறது. அந்தச் சுற்றில் ஒரு அயர்ன் பாக்ஸைச் செருகினால் எல்லை தாண்டிவிடும், தடுக்க யாரும் இல்லை.

இணையத்தில் தேடினால் '2.5 ஒயருக்கு 32 எம்சிபி' என்று ஆங்கிலேயர்கள் எழுதியிருப்பது கண்ணில் படும். அது பிரிட்டனில் உள்ள வளையச் சுற்று முறை. அங்கே ஒயர் பெட்டியில் கிளம்பி எல்லா சாக்கெட்டையும் தொட்டுவிட்டுத் திரும்பப் பெட்டிக்கே வரும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் மின்சாரம் இரு வழியாக வருகிறது, பிளக்குக்குள் தனி ஃப்யூஸும் இருக்கிறது. ஒரே வழியில் போய் முடியும் ஒயருக்கு அந்தக் கணக்கைக் கடன் வாங்க முடியாது.

இனி உங்கள் ஒயர் எது என்ற கேள்வி. இங்கேதான் படம் கைவிடுகிறது. சிவப்பு உறையின் மேல் அச்சு இருக்கிறது. ஆனால் ஒயர் வளையும் இடத்தில் முன் எழுத்து மறைந்து '5 mm²' என்பது மட்டும் தெரிகிறது. அது 2.5 ஆகவும் இருக்கலாம், 1.5 ஆகவும் இருக்கலாம். 2.5 என்றால் இப்போதுள்ள 16 சரி. 1.5 என்றால் 40 டிகிரியில் அது தாங்குவது 15 ஆம்பியர்தான், இப்போதுள்ள 16-கூடப் பெரிது. 'தடிமனாகத்தான் இருக்கிறது' என்று நீங்கள் பின்னூட்டத்தில் எழுதியிருந்தீர்கள். கண்ணுக்குத் தெரிவது உறையின் தடிமன், உள்ளே இருக்கும் செம்பின் தடிமன் அல்ல. உறை தடித்து செம்பு மெலிந்த ஒயர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பக்கத்தில் அளவு தெரிந்த ஒன்று இல்லாமல் படத்தில் தடிமனை மதிப்பிடுவது யாராலும் ஆகாது, அனுபவம் எவ்வளவு இருந்தாலும்.

அச்சு குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். பெட்டிக்குள் சற்று நீளமாக மடக்கி வைத்திருக்கும் இடத்தில் முழுதாகத் தெரியலாம். அச்சு அழிந்திருந்தால் இழைகளை எண்ணலாம். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்து, அப்புறம்தான் முனையைக் கழற்ற வேண்டும். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து ஒயர் வந்து சேரும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கம் கை போகவே கூடாது. கழற்றிப் பழக்கம் இல்லையென்றால் இதை ஒரு எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.

எண்ணிய பிறகு கணக்கு எளிது: ஒரு இழையின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, இழைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் பரப்பு வந்துவிடும். 0.3 மில்லிமீட்டர் இழைகள் 36 இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர். 22 இருந்தால் 1.5. இழை 0.3-தானா என்பதற்கு மைக்ரோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரே ஒரு இழையைக் குச்சியில் நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி அகலத்தை அளந்து பத்தால் வகுக்கலாம். ஒரே கெட்டிக் கம்பியாக இருந்தால் விட்டம் 1.8 மில்லிமீட்டருக்கு 2.5, 1.4-க்கு 1.5. இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டியும் பாருங்கள். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அப்படியானால் மேலே சொன்ன ஆம்பியர் எண்கள் எதுவும் பொருந்தாது, எம்சிபிப் பேச்சை விட்டுவிட்டு ஒயரையே மாற்ற வேண்டும்.

இதை இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும், பெட்டியிலும் சாக்கெட்டிலும். பெட்டியில் 2.5 வெளியே தெரிய, நடுவில் ஜங்ஷன் பாக்ஸில் 1.5-ஓடு சேர்த்துவிட்டுப் போன வேலைகளை நிறையப் பார்த்தாகிவிட்டது. இரு முனையும் ஒத்துப்போனாலும் நடுவில் சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியன் ஒரு சோதனை செய்யலாம். ஹீட்டர் சாக்கெட்டில் ஹீட்டர் ஓடாதபோதும் ஓடும்போதும் மின்னழுத்தத்தை அளப்பது, அதே சமயம் பெட்டியிலும் அளப்பது. பெட்டியிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கும் சாக்கெட்டில் 13 ஆம்பியர் பாயும்போது, 2.5 ஒயராக இருந்தால் வழியில் குறைவது 3 வோல்ட் போல, 1.5 ஆக இருந்தால் 5 வோல்ட் போல. 8, 10 என்று குறைந்தால் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது, அந்த இடத்தில் சூடும் இருக்கும். இது மின்சாரம் உள்ளபோது செய்யும் அளவீடு என்பதால் நீங்களே முயல வேண்டாம்.

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த இரண்டு ஒயர்கள். கீழ் முனையில் ஒரே திருகின் அடியில் இரண்டு சிவப்பு ஒயர்கள் நுழைகின்றன. என் ஊகம், ஒன்று ஹீட்டருக்கு, ஒன்று ஏசிக்கு. ஏசி பின்னால் வாங்கியிருப்பீர்கள். அதற்குத் தனியாக ஒயர் இழுத்தவர், எம்சிபி மட்டும் தனியாகப் போடாமல் இருந்த ஒன்றிலேயே சேர்த்துவிட்டுப் போயிருப்பார். அப்படியானால் 21 ஆம்பியர் எந்த ஒயரிலும் சேர்ந்து பாயவில்லை. ஒன்றில் 13, மற்றதில் 8. சேருவது எம்சிபிக்குள் மட்டும்தான். ஒயர்கள் நிம்மதியாக இருக்க, எம்சிபி ஒன்றுதான் திணறுகிறது.

அந்தத் திருகின் அருகே உறை லேசாகப் பழுப்பேறியிருப்பதும் படத்தில் தெரிகிறது. நிழலோ என்று முதலில் நினைத்தேன். மேல் முனையில் அந்த நிறம் இல்லை. வேறுவேறு தடிமன் கொண்ட இரண்டு ஒயர்களை ஒரே முனையில் முடுக்கினால் தடித்தது இறுகும், மெலிந்தது தளரும். தளர்ந்த இடம் சூடாகும். அந்தச் சூடு முனை வழியாகவே எம்சிபிக்குள் ஏறி உலோகப் பட்டையை வளைக்கும், சுமை கூடாமலே எம்சிபி விழும். உங்கள் விஷயத்தில் சுமையும் கூடியிருக்கிறது, இந்தச் சூடும் சேர்ந்திருக்கலாம். எவ்வளவு பங்கு எதற்கு என்று படத்தில் பிரிக்க முடியாது.

ஊகத்தைச் சரிபார்ப்பது எளிது. மெயினை அணைத்து ஒரு ஒயரை மட்டும் கழற்றி, நுனியை நன்றாக மூடிவைத்து, மெயினைப் போட்டால் ஏசியோ ஹீட்டரோ ஒன்று மட்டும் செத்திருக்க வேண்டும். அப்படி ஆனால், இரண்டு ஒயரும் 2.5 என்றும் உறுதியானால், முதல் படத்தில் வலது ஓரம் பிளாஸ்டிக் மூடியோடு காலியாக இருக்கும் இடத்தில் இன்னொரு C16 போட்டு, ஒயருக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். பழைய எம்சிபியின் முனை சூடு கண்டிருப்பதால் அதையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. எம்சிபிகளுக்கு மேலிருந்து மின்சாரம் தரும் சீப்பு போன்ற செம்புப் பட்டை அந்தக் காலி இடம் வரை நீள்கிறதா என்று பார்க்க வேண்டும், படத்தில் அது மூடிக்குள் இருக்கிறது. மொத்தமாக ஆர்சிசிபி வழியாகப் போவது இந்த 21-ம் வீட்டின் மற்றச் சுமைகளும். எல்லாம் சேர்ந்து 40-ஐத் தாண்டாமலும், மீட்டர் பக்கத்துப் பாதுகாப்பு 40-க்கு மேல் இல்லாமலும் இருக்க வேண்டும்.

ஏசி ஒயர் 1.5 என்று தெரிந்தால், 8 ஆம்பியர் சுமைக்கு C10 போதும் என்று தோன்றும். பழைய வகை, நிலையான வேகக் கம்ப்ரசர் கிளம்பும்போது ஓடும் அளவைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். 40, 48 ஆம்பியர். C10 உடனே விழத் தொடங்கும் எல்லை 50. இடைவெளி மிகக் குறுகியது; ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் விழும். மெல்லக் கிளம்பும் இன்வெர்ட்டர் வகைக்கு, அதிகபட்ச எண் 10-க்குள் இருந்தால், C10 சரியாகவே இருக்கும். ஹீட்டர் ஒயர் 1.5 என்றால் பேச்சுக்கே இடமில்லை. 13 ஆம்பியரைத் தொடர்ந்து எடுக்கும் சாதனத்துக்கு, இன்னொரு சுற்றோடு பைப்பைப் பகிரும் 1.5 ஒயர் சூடான நாட்களில் தாங்குவது 12 சொச்சம்தான். 2.5 இழுத்தே ஆக வேண்டும். பைப்பில் இடமிருந்தால் 4 போடுங்கள்.

ஏசியும் ஹீட்டரும் ஒரே ஒயரில்தான் இருக்கின்றன, மற்ற ஒயர் வேறெங்கோ போகிறது என்று தெரியவந்தால் என் ஊகம் பொய். அப்போது ஹீட்டருக்குப் புதிதாக ஒரு ஒயரும் எம்சிபியும் தவிர வேறு வழியில்லை. 20 எம்சிபி போட்டு ஒப்பேற்றலாமா என்று கேட்பீர்கள். சுமை 21 என்பதால் கணக்குப்படி அதுவும் போதாது, அந்த ஒயருக்கும் அது தகாது. அதுவரை இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள். தொட்டி வைத்த 25 லிட்டர் ஹீட்டராக இருந்தால், 3000 வாட்டில் சூடாக ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும். அந்த 20 நிமிடம் ஏசியை அணைத்து வைத்தால் போதும்.

ஸ்விட்சின் படத்தை நீங்கள் போடவில்லை. ஹீட்டர் ஸ்விட்சின் பின்புறமோ முகப்பின் ஓரமோ 16A அல்லது 20A என்று இருக்க வேண்டும். விளக்கு, விசிறிக்குப் போடும் 6A அல்லது 10A ஸ்விட்ச் அங்கே இருந்தால், வெளியே எந்தக் குறையும் தெரியாமலே உள்ளே தொடுமுனைகள் கருகிக்கொண்டிருக்கும். அளவில் பெரிதாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரிய பொத்தானோடு வரும் 10A ஸ்விட்சுகள் உண்டு. ஏசி சாக்கெட்டிலும் இதே எண்ணைப் பாருங்கள்.

எல்லாம் பிரித்து முடித்த பின், ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். ஹீட்டரின் எம்சிபி தனியாக, 13 ஆம்பியரில், அப்போதும் நிமிடக் கணக்கில் விழுந்தால் முதலில் அதன் இரு முனைத் திருகுகளையும் மெயினை அணைத்துவிட்டு முடுக்கிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் விழுந்தால் கிளாம்ப் மீட்டரால் ஹீட்டர் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 13-க்குப் பக்கத்தில் காட்டினால் எம்சிபியைத்தான் மாற்ற வேண்டும், அதே C16-ஆக. எம்சிபி நிற்க, ஆர்சிசிபி விழத் தொடங்கினால் அது ஹீட்டரின் சூடேற்றும் கம்பியில் கசிவாக இருக்கலாம். ஹீட்டரின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஆர்சிசிபி நிற்கிறதா என்று பாருங்கள்.